அளவெடுக்க வருகிறார் மேஸ்திரி!
முன்பணம் எதற்கு? முப்பது நாள் எதற்கு? - தச்சுப் பட்டறை அறிவிப்பின் ஐந்து வரிகளுக்குள் அடங்கிய விஷயங்கள்

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில் பாகாயம். மருத்துவக் கல்லூரி வளாகம் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறுவதும், வீடு மாறுவதும், புது வீடு கட்டுவதும் இந்தப் பக்கத்தில் ஓயாத காரியங்கள். வீடு மாறினால் கட்டில் மாற வேண்டும். கட்டில் மாறினால் தச்சரைத் தேட வேண்டும். முன்பு பட்டறை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கும். இப்போது செய்து முடித்த பீரோவைப் படம் எடுத்து, அதன் கீழே நாலைந்து வரி எழுதிக் கைத்தொலைபேசியில் அனுப்பிவிடுகிறார்கள். வரிகள் பெரும்பாலும் இந்த ரகத்தில் இருக்கும்:

“உங்கள் வீட்டு அளவுக்கே கட்டில், பீரோ, மேசை செய்து தரப்படும். நேரில் வந்து அளவெடுப்போம். பாகாயம், ஓட்டேரி, சாயிநாதபுரம் பகுதிகளுக்குக் கட்டணம் இல்லை. தொலைவென்றால் போக்குவரத்துச் செலவு உண்டு, வேலை கொடுத்தால் அது பில்லில் கழியும். வரைபடமும் விலையும் ஒப்புக்கொண்ட பின் பாதி முன்பணம். பாலிஷுக்கு முன் பொருளைப் பார்த்து 40 சதவிகிதம். வீட்டில் பொருத்திய பின் மீதி. முன்பணம் வந்த நாளிலிருந்து 30 நாள். ஒப்புக்கொண்ட பிறகு அளவை மாற்றினால் விலையும் நாளும் மாறும்.”

படத்தைப் பார்ப்பவர்கள் பலர். வரிகளைப் படிப்பவர்கள் சிலர். ஆனால் வீட்டுக்காரருக்கும் தச்சருக்கும் மனஸ்தாபம் வருவதெல்லாம் படத்தினால் அல்ல, படிக்காமல் விட்ட அந்த வரிகளினால்தான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

நாலரை அடி என்ற ‘நாலரை அடி’

“நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை மேஸ்திரி! நானே டேப் வைத்துப் பார்த்துவிட்டேன். சரியாக நாலரை அடி. எழுதிக்கொள்ளுங்கள்” என்று தொலைபேசியிலேயே சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. அனுபவமுள்ள தச்சர், “சரிங்க சார், எழுதிக்கொண்டேன். இருந்தாலும் நாளைக் காலையில் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறேன்” என்பார். அவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். படுக்கை அறையை ஒட்டித் துணி மாற்றும் சிறு அறை ஒன்று. அங்கே இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள இடத்தில் ஒரு துணி பீரோ வர வேண்டும். வீட்டுக்காரர் அளந்தது கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டிய உயரத்தில். 54 அங்குலம், அதாவது நாலரை அடி. அளவு பொய் அல்ல.

மேஸ்திரி வந்து மூன்று இடத்தில் டேப்பை நீட்டுகிறார். மேலே 54 அங்குலம். நடுவில் 53 அங்குலம் 6 நூல். தரையை ஒட்டி 53 அங்குலம் 2 நூல். (அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை ‘நூல்’ என்பது கொத்தனார், தச்சர் பாஷை.) சுவருக்குப் பூச்சு பூசுகிறவர் கீழே கொஞ்சம் கனமாகவும் மேலே கொஞ்சம் மெல்லியதாகவும் விட்டுவிடுவது சர்வசாதாரணம். இரண்டு பக்கச் சுவரிலும் அப்படி நேர்ந்தால் முக்கால் அங்குலம் காணாமல் போய்விடுகிறது. 54 அங்குலத்துக்குச் செய்த பீரோ அந்த இடத்துக்குள் நுழையவே நுழையாது.

ஆகவே மூன்றில் சிறிய அளவைத்தான் தச்சர் எடுத்துக்கொள்வார். அதிலும் அரை அங்குலம் குறைத்து 52 அங்குலம் 6 நூலுக்குப் பீரோ செய்வார். மேலே கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை மறைக்க, சுவரின் வளைவுக்குத் தகுந்தபடி இழைத்த ஒரு மெல்லிய பட்டியைப் பிறகு பொருத்துவார். ‘சுவரை ஒட்டி வரவில்லையே, நடுவில் சந்து விட்டுவிட்டாரே’ என்று குறைபடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்து விட்டதால்தான் பீரோ உள்ளே வந்தது.

அகலம் முடிந்தது. இனி உயரம். அந்தச் சிறு அறை முழுவதும் மேலே பரண். தரையிலிருந்து பரணின் அடிப்பாகம் வரை 7 அடி 3 அங்குலம், அதாவது 87 அங்குலம். வீட்டு அம்மாள் கேட்டது 7 அடி உயரப் பீரோ, 84 அங்குலம். மூன்று அங்குலம் மிச்சமிருக்கிறது, தாராளமாக நிற்கும். நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதை நிறுத்துவது எப்படி?

ஆறரை அடி உயரமுள்ள வாசற்படி வழியாக 7 அடிப் பீரோ நிமிர்ந்து வராது. படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். உள்ளே வந்ததும் தூக்கி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது அதன் மூலைக்கு மூலை அளவு பரணுக்கு அடியில் திரும்ப வேண்டும். 84 அங்குல உயரம், 24 அங்குல ஆழம் உள்ள பீரோவுக்கு அந்தக் குறுக்களவு 87 அங்குலத்துக்கு மேல் ஏறத்தாழ 3 நூல். பரண் இருப்பது 87ல். மூன்று நூல் தட்டிவிட்டது! நாலு ஆள் சேர்ந்து தூக்கினாலும், பரணைப் பெயர்த்தால் ஒழிய அந்தப் பீரோ அங்கே நிமிராது.

நேரில் வந்த தச்சருக்கு இது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். “அம்மா, இதை ஒரே பெட்டியாகச் செய்ய வேண்டாம். கீழே அஞ்சடி, மேலே ரெண்டடி, இரண்டு பெட்டியாகச் செய்து உள்ளே வைத்து முடுக்கிவிடலாம்” என்று சொல்லிவிடுவார். இரண்டு பெட்டி என்றால் நடுவில் ஒரு பலகை கூடுதல், ஆகவே விலையும் சற்றுக் கூடும். இதை முதலிலேயே பேசிக்கொண்டால் ஒரு வரிச் செலவு. பீரோ வாசலில் வந்து நின்ற பிறகு பேசினால் ஒரு சண்டை.

அளவெடுக்க வருகிறவர் சரியான ஆள்தானா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. சாமான் நிற்கப்போகும் இடத்தை மட்டும் அளந்துவிட்டுக் கிளம்புகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். வாசற்படி, நடைவழி, மாடிப்படி திரும்பும் இடம் ஆகியவற்றையும் அளப்பவர், மின்சார ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, ஜன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்பவர் தொழில் தெரிந்தவர். கழுவிவிட வசதியாகப் பழைய வீடுகளில் தரையை ஒரு மூலைக்குச் சரித்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் வைத்த பீரோவின் கதவு தானாகவே திறந்துகொள்ளும். பேய் பிசாசு ஒன்றுமில்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தரைக்குக் கல் பதிக்கும் முன்னால் அளவெடுக்கச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. கலவையும் கல்லும் சேர்ந்து இரண்டு அங்குல உயரத்தைச் சாப்பிட்டுவிடும். சுவர்ப் பூச்சு, தரை இரண்டும் முடிந்த பிறகு எடுத்த அளவே அளவு.

மனிதருக்கும் அளவு உண்டு

அளவெடுப்பது சுவருக்கு மட்டும் அல்ல, உபயோகிக்கும் மனிதருக்கும்தான். துணி மாட்டும் பீரோ என்றால் சட்டை மாட்டும் கொக்கியின் அகலமே சுமார் 17, 18 அங்குலம் வரும். உள் ஆழம் 22 அங்குலமாவது இல்லாவிட்டால் சட்டைக் கை கதவில் மாட்டிக்கொள்ளும். ‘இடம் குறைச்சல், 18 அங்குல ஆழம் போதும்’ என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், மாட்டுவதற்குப் பதிலாக மடித்து வைக்கும் தட்டுகளாகச் செய்துவிடலாம் என்று தச்சர் சொல்ல வேண்டும்.

பாகாயத்தில் 1966ஆம் ஆண்டிலிருந்து மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் நடந்துவருகிறது. முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமற் போனவர்கள் அங்கே பயிற்சி பெற்று வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பி வருகிறவருக்கு ஒரு மேசை வேண்டுமென்றால், கடையில் விற்கும் மேசை உதவாது. சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது முழங்காலின் உச்சி தரையிலிருந்து எத்தனை அங்குலம், நாற்காலியின் கைப்பிடி எத்தனை அங்குலம் என்று இரண்டையும் அளக்க வேண்டும். மேசையின் அடியில் குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. இழுப்பறை நடுவில் வரக் கூடாது. ஒரு அங்குலம் தவறினாலும் அவர் மேசைக்கு அருகில் வர முடியாமல் தூரத்தில் இருந்தே எட்டி எட்டி எழுத வேண்டியதுதான்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயமும் ஞாபகத்துக்கு வருகிறது. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூருக்கு வந்தவர். வைத்தியம் படிக்கும் முன்பே இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டவர். கை சரியானவர்கள் பிழைப்புக்கு வழியின்றித் தவிப்பதைப் பார்த்து, 1950களின் தொடக்கத்தில் ‘நவ ஜீவ நிலையம்’ என்று ஒரு சிறு குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே அவர்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார். உணர்ச்சி இல்லாத கையில் உளியின் பிடி அழுத்திப் புண்ணாக்குவதைக் கண்டு, கருவிகளின் பிடியையே அவர்கள் கைக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருந்தது. கைக்குத் தக்க பிடி, ஆளுக்குத் தக்க மேசை. விஷயம் ஒன்றுதான்.

பாதிப் பணம் எங்கே போகிறது?

இனி அடுத்த வரி. ‘ஒப்புக்கொண்ட பின் பாதி முன்பணம்.’ வேலையே ஆரம்பிக்காதவருக்குப் பாதிப் பணமா என்று பலர் மலைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பு தீர்ந்துவிடும்.

நாம் பார்த்த பீரோவுக்குப் பேசிய விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குச் சொல்வதற்காக எடுத்துக்கொண்ட தொகைதான். மரத்தைப் பொறுத்தும் வேலைப்பாட்டைப் பொறுத்தும் மாறும். அதில் தேக்கும் பிளைவுட்டும் 27,000. கீல், பூட்டு, கைப்பிடி, பசை 5,000. ஆட்கூலி 18,000. பாலிஷ் 6,000. வண்டி வாடகையும் பட்டறைக்காரர் லாபமும் 4,000. மரவாடியிலும் இரும்புக் கடையிலும் முதலில் கொடுத்தாக வேண்டிய தொகை மட்டும் 32,000. முன்பணமோ 30,000. ஆக, பாதிப் பணம் தச்சரின் பைக்குள் தங்குவதில்லை. மரமாக மாறிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கடையில் விற்கும் கட்டிலை ஒருவர் வேண்டாமென்றால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். 52 அங்குலம் 6 நூல் அகலத்துக்கு, இரண்டு பெட்டியாக, ஒரு குறிப்பிட்ட சந்துக்கென்று செய்த பீரோவை யார் வாங்குவார்கள்? மரத்தை ரம்பத்தில் கொடுத்த நிமிஷத்திலிருந்து அந்தச் சாமானுக்கு உலகத்தில் ஒரே ஒரு கிராக்கிதான்.

முன்பணத்தைக் குறைத்துக்கொள்ளும் தச்சர் நல்லவர், கூடுதலாகக் கேட்பவர் பேராசைக்காரர் என்று எண்ணுவதும் தவறு. கால் பங்கு, அதாவது 15,000 மட்டும் வாங்கியவர் என்ன செய்வார்? மரத்துக்குப் போதாது. ஒன்று, உலராத மலிவு மரத்தை வாங்குவார். அல்லது, அடுத்து வரும் வீட்டுக்காரரின் முன்பணத்தை எடுத்து இந்தப் பீரோவை முடிப்பார். அப்புறம் அந்த வீட்டு வேலைக்கு அதற்கடுத்தவர் பணம். இந்தச் சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தே தீரும். ‘இதோ அடுத்த வாரம்’ என்று மாதக்கணக்கில் இழுக்கும் பட்டறைகளில் பாதிக்கு மேல் இந்த வியாதிதான். சோம்பல் அல்ல, பணம் வேறு வீட்டு மரமாகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முன்பணம் கொடுத்த ஒரு வாரத்தில் பட்டறைக்குப் போய், “நம்ம மரம் வந்துவிட்டதா மேஸ்திரி?” என்று கேட்க வேண்டும். ஒழுங்கான பட்டறையில் வீட்டுக்காரர் பெயரைச் சாக்கட்டியால் எழுதி, பலகைகளைத் தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். “மரம் சொல்லியிருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது” என்ற பதில் இரண்டாவது வாரமும் வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான்.

மரக் கணக்கிலும் ஒரு தகராறு அடிக்கடி வரும். மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. தடிமனையும் அகலத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துக்கொண்டு மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். பீரோவின் நாலு கால்களுக்கு 3 அங்குலம், 2 அங்குலம், 7 அடி வீதம் நாலு சட்டம் என்றால் 168ஐ 144ஆல் வகுக்க, ஒரு கன அடிக்குச் சற்று மேல். ஆனால் முடிந்த பீரோவில் வீட்டுக்காரர் டேப் வைத்துப் பார்த்தால் சட்டம் மூன்றுக்கு இரண்டு இருக்காது. இரண்டே முக்காலுக்கு ஒன்றே முக்கால்தான் இருக்கும். “மரத்தில் ஏமாற்றிவிட்டார்!” என்று கூச்சல் எழும். ஏமாற்று அல்ல. ரம்பத்திலிருந்து வந்த சொரசொரப்பான சட்டத்தை இழைப்புளியால் நாலு பக்கமும் இழைத்து நேராக்கினால், பக்கத்துக்கு ஒரு நூல் சுருளாகப் பறந்துவிடும். கூட்டிப் பார்த்தால் மரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தரையில் கிடக்கிறது. ‘விலை அறுத்த அளவுக்கு, இழைத்த பின் கால் அங்குலம் குறையும்’ என்று பில்லில் ஒரு வரி எழுதிவிடும் தச்சருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு

நடுவில் வீட்டுக்காரர் மனம் மாறி, பீரோ வேண்டாம் என்றால் கொடுத்த பணம் என்ன ஆகும்? பேச்சு வழக்கில் அச்சாரம், முன்பணம், அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வாக்குத் தவறமாட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது முன்பணம்.

1963ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், டில்லியில் ஒரு நிலத்தையும் பங்களாவையும் வாங்க ஒப்புக்கொண்டவர் 25,000 ரூபாய் கொடுத்திருந்தார். அதில் 1,000 அச்சாரம், 24,000 விலையின் ஒரு பகுதி. பேரம் முறிந்தது. அச்சாரமான 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். மீதியை, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் அப்படியே விழுங்கிவிட முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, நியாயமான நஷ்டஈட்டைத்தான் அனுமதிக்கிறது.

பங்களாவுக்குச் சொன்ன நியாயம் பீரோவுக்கும் பொருந்தக்கூடியதே. ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டால் மட்டும் தச்சருக்கு முழுப் பணமும் சொந்தமாகிவிடாது. மரமே வாங்காத நிலையில் வேலை நின்றால், அளவெடுத்த செலவையும் வரைபடக் கூலியையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதே முறை. மரத்தை வெட்டிய பிறகு நின்றால் கதை வேறு. அப்போது அந்த மரத்தின் நஷ்டத்தை வீட்டுக்காரர்தான் ஏற்க வேண்டும். நல்ல அறிவிப்பு இந்த இரண்டையும் பிரித்து, ‘மரம் அறுக்கும் முன் நிறுத்தினால் இவ்வளவு, அறுத்த பின் நிறுத்தினால் இவ்வளவு’ என்று சொல்லிவிடும். முன்பணத்துக்கு ஒரு ரசீதும், அதில் அளவும், மரத்தின் பெயரும், தேதியும் இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி.

முப்பது நாளில் முக்கால்வாசி காத்திருப்பு

“ரெண்டு ஆள் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியாதா?” என்று கேட்பார்கள். உளி பிடிக்கும் வேலையை மட்டும் கணக்கிட்டால் எட்டு, பத்து நாள்தான். மீதி நாட்கள் மரத்துக்காகவும் பாலிஷுக்காகவும் காத்திருப்பவை. இதில் அவசரம் காட்டினால் பிறகு அவதிதான்.

மரம் வெட்டிய பிறகும் மூச்சு விடுகிறது என்று பட்டறையில் சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்போது பலகை அகலத்தில் சுருங்குகிறது. நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. பச்சைத் தேக்கு முழுவதும் உலர்ந்தால் அறுத்த விதத்தைப் பொறுத்து அகலத்தில் நூற்றுக்கு இரண்டரை முதல் ஐந்து பங்கு வரை குறையும். 18 அங்குலப் பலகைக்கு இது முக்கால் அங்குலத்துக்கும் மேல் போய்விடலாம். மழைக் காலத்தில் உலராத மரத்தில் செய்த பீரோ, வேலூரின் கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ராத்திரியில் ‘படார்’ என்று சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் கதவில் விரிசல்.

நன்றாக உலர்ந்த தேக்கும் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அதே 18 அங்குலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் சுமார் ஒரு நூல் கூடிக் குறையும். அதனால்தான் தெரிந்த தச்சர் கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப் பலகையைப் பசை போடாமல் அதற்குள் சும்மா சொருகிவிடுகிறார். ‘ஆட்டினால் லேசாக ஆடுகிறதே, பசை போட மறந்துவிட்டாரா?’ என்று நினைக்க வேண்டாம். பசை போட்டு இறுக்கினால் பலகை அசைய வழியின்றி வெடித்துவிடும்.

மரம் காய்ந்ததா என்று வீட்டுக்காரரே சோதித்துப் பார்க்கலாம். அறுத்த துண்டு ஒன்றை வாங்கி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையை அதிலேயே எழுதி, வீட்டில் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை அப்படியே இருந்தால் மரம் காய்ந்தது. கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால் அந்தப் பலகைகள் இன்னும் கொஞ்ச நாள் அடுக்கிலேயே இருக்கட்டும். முள்போன்ற இரண்டு ஊசியை மரத்தில் குத்தி ஈரத்தைச் சொல்லும் சிறு கருவியும் இப்போது சில பட்டறைகளில் இருக்கிறது. நிஜமாகவே அவசரமென்றால், பழைய வீட்டை இடித்து எடுத்த தேக்கைக் கேட்டு வாங்கலாம். அது பல வருஷம் காய்ந்தது. ஒளிந்திருக்கும் ஆணிகள் ரம்பத்தின் பல்லை உடைக்கும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை. ஆகவே இழைப்புக் கூலி கூடும்.

முப்பது நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். மரம் தேர்ந்து வாங்கி அறுத்துவர மூன்று நாள். பலகைகளுக்கு நடுவே சிறு கட்டைகள் வைத்துக் காற்று புகும்படி அடுக்கி, பட்டறைச் சூழ்நிலைக்குப் பழகவிட ஒரு வாரம். பிறகு அறுத்து இழைத்துத் துளையும் கழுந்தும் வெட்டிப் பூட்ட எட்டு, ஒன்பது நாள். அதன்பின் வீட்டுக்காரர் வந்து பார்க்க ஒரு நாள். உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் போட்டு, ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு என்று ஏழு, எட்டு நாள். கடைசியில் வண்டி ஏற்றிப் பொருத்த ஒரு நாள்.

இதில் வீட்டுக்காரர் தவறவிடக் கூடாதது பாலிஷுக்கு முன் பார்க்கும் நாள். ‘40 சதவிகிதம்’ என்ற வரி பணம் கேட்பதற்காக மட்டும் எழுதியதல்ல. பாலிஷ் ஏறிவிட்டால் ஒட்டுப் போட்ட இடம், வெண்மரம் கலந்த பலகை, மக்கு அடைத்த ஓட்டை எல்லாம் ஒரே நிறமாகிவிடும். தேக்கில் நடுமரம் பொன்னிறம். ஓரத்து வெண்மரம் வெளுப்பு. பூச்சி முதலில் பிடிப்பது அந்த வெளுப்பைத்தான். அன்றைக்கு, வெளிச்சத்தில், பீரோவின் முதுகுப் பக்கத்தையும் இழுப்பறையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பவர் புத்திசாலி.

ஐப்பசி, கார்த்திகையில் முப்பது நாள் நாற்பதாகவும் ஆகலாம். அடைமழைக் காற்றில் பாலிஷ் போட்டால், காயும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே புகைபோல வெண்படலம் படியும். அதைத் தேய்த்து எடுத்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். “ரெண்டு நாள் வெயில் வரட்டும் சார்” என்று தச்சர் சொன்னால் அது சாக்கு அல்ல. ஆயுத பூஜை அன்று கருவியைத் தொடமாட்டார்கள். பொங்கலுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் நாலைந்து நாள் பட்டறை பூட்டிக் கிடக்கும். ஆடியில் கொடுத்த வேலை சீக்கிரம் கிடைக்கும், தை முகூர்த்தத்துக்கு என்று மார்கழியில் கொடுத்தது கிடைக்காது. தோல் மெத்தை வைத்த நாற்காலி என்றால் இன்னும் சில நாட்கள். பக்கத்திலேயே ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றனவே என்று எண்ணலாம். ஆனால் ஆட்டுத்தோல் ஒன்று நாலைந்து சதுர அடிதான் வரும். பெரிய சோபாவுக்கு ஒரே நிறத்தில் பல தோல்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

கல்யாணம் போன்ற காரியத்துக்குத்தான் சாமான் தேவை என்றால், வாயால் சொன்னால் போதாது. ‘இன்ன தேதிக் கல்யாணத்துக்காக, இந்தத் தேதிக்குள் கட்டாயம்’ என்று ரசீதிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். காலம் முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் தாமதம் நேர்ந்தால், வேண்டாம் என்று விலகும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு கொடுக்கிறது. காலம் அவ்வளவு முக்கியமாகக் கருதப்படாத வேலையில் தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்தைக் கேட்கலாமே தவிர, பீரோவே வேண்டாமென்று சொல்ல முடியாது. அதேபோல, நாள் எண்ணுவது அளவெடுத்த நாளிலிருந்து அல்ல, முன்பணம் கொடுத்த நாளிலிருந்து என்பதையும் வீட்டுக்காரர் மறக்கக் கூடாது. நடுவில் வரைபடத்தைப் பதினைந்து நாள் மேசையில் போட்டு வைத்துவிட்டுத் தச்சரைக் கோபிப்பது நியாயமாகாது.

சாமான் வீட்டுக்கு வந்த அன்று, மீதிப் பத்து சதவிகிதத்தைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லாக் கதவையும் பாதி திறந்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் பீரோ மட்டமாக இருக்கிறது. இழுப்பறைகளை ஒரு விரலால் ஒரு மூலையில் தள்ளிப் பார்க்க வேண்டும். கோணாமல் உள்ளே போனால் சரி. சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் காற்று போக இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாகக் குளியலறையை ஒட்டிய சுவர் என்றால். பிறகு தொகையைக் கொடுத்துவிட்டு, முதல் கோடை கழிந்ததும் ஒருமுறை வந்து கீலை முடுக்கிக் கதவைச் சரிசெய்து தருவதாகப் பில்லின் அடியில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனி மாதத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, “மேஸ்திரி, கதவு லேசாகத் தட்டுகிறது” என்றால், அவரும் இழைப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.